முகத்தை மறைத்தோம், முகவரியை அனுப்பினோம்

படம் எடுத்தது நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டை எதிர்த்துத் திருமணம் செய்துகொண்ட ஒரு பெண்ணும் பையனும். பெண் வீட்டார் ஆதிக்கச் சாதி, பையன் நம் பிள்ளை. வேறொரு ஊரில், தோழர் ஒருவரின் உறவினர் வீட்டு மாடியில் தங்கவைத்திருந்தோம். "விரும்பித்தான் திருமணம் செய்துகொண்டோம்" என்ற அவர்களின் அறிக்கையோடு ஒரு படத்தையும் பத்திரிகைக்குக் கொடுக்க முடிவு செய்தோம். இரண்டு பேர் முகத்தின் மீதும் கறுப்பு பூசினேன். சன்னலுக்கு வெளியே தெரிந்த கடைப் பெயர்ப்பலகை வராதபடி திரையையும் இழுத்துவிட்டிருந்தேன். எவ்வளவு கவனமாக இருக்கிறோம் என்று எனக்கே பெருமை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று ஒருவர் கேட்டார். அப்படியே அறுபது பேர் இருந்த குழுவில் போட்டேன்.

கால் மணி நேரத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி தனியாக அழைத்தான். "அக்கா, அவங்க இருக்கிறது இந்தத் தெருவா?" என்று கேட்டுத் தெருப்பெயரைச் சொன்னான். அந்தத் தெருப்பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை. "படத்துலயே இருக்கு அக்கா" என்றான்.

அன்று இரவு பதினொரு மணிக்குள் அவர்களை வேறு இடத்துக்கு மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடக்காமல் போனதில் என் திறமை எதுவும் இல்லை. அந்த அறுபது பேரில் ஒருவர்கூட அதை வெளியே அனுப்பவில்லை என்பது வெறும் அதிர்ஷ்டம். நம் இயக்கங்கள், நம் உண்மை அறியும் குழுக்கள், நமக்கு நிதி தரும் தொண்டு நிறுவனங்கள் எல்லாம் படம் என்ற விஷயத்தில் அதிர்ஷ்டத்தை நம்பியே பிழைப்பு நடத்திக்கொண்டிருக்கிறோம். அதைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

படத்துக்குள் என்ன இருக்கிறது?

போன் எடுக்கும் படக் கோப்புக்குள் படம் மட்டும் இருப்பதில்லை. கூடவே ஒரு குறிப்பும் எழுதப்படுகிறது. இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். 1995இல் ஜப்பானியக் கேமரா நிறுவனங்களுக்காக உருவான ஒழுங்கு இது. எந்தக் கேமரா, என்ன வெளிச்சம், எத்தனை மணிக்கு என்பதைப் படக்காரர் தனியே நோட்டில் எழுதி வைக்க வேண்டாம் என்பதுதான் நோக்கம். பிறகு போனுக்குள் ஜிபிஎஸ் வந்தது. கேமராவை முதன்முதலில் திறக்கும்போது "இருப்பிடத்தைச் சேமிக்கலாமா?" என்று அது கேட்கும். நாம் எதற்கும் அழுத்துவதைப்போல் அதற்கும் "சரி" என்று அழுத்துகிறோம். அன்று முதல் ஒவ்வொரு படத்திலும் எடுத்த இடம் எழுதப்படுகிறது.

எப்படி எழுதப்படுகிறது என்று ஒரு மாதிரியைப் பார்ப்போம். அட்சரேகை 11 பாகை, 39 நிமிடம், 50.4 விநாடி. நிமிடத்தை அறுபதாலும் விநாடியை 3600ஆலும் வகுத்துக் கூட்டினால் 11.664. தீர்க்கரேகை 78 பாகை, 8 நிமிடம், 45.6 விநாடி என்றால் 78.146. இந்த இரண்டு எண்களையும் கூகுள் மேப் தேடல் பெட்டியில் போட்டால் சேலம் நகருக்குள் ஒரு புள்ளி வந்து நிற்கும். அட்சரேகையில் ஒரு விநாடி என்பது தரையில் ஏறத்தாழ 31 மீட்டர். போனோ விநாடியின் பின்னத்தையும் எழுதுகிறது. திறந்தவெளியில் போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குள் இடத்தைப் பிடித்துவிடும். கான்கிரீட் கட்டடத்துக்குள் பிழை கூடும், சில சமயம் பத்து வீடு தள்ளியும் காட்டும். தெருவைக் கண்டுபிடிக்க அதுவே போதும். தெரு தெரிந்தவனுக்கு வீடு தெரிய எவ்வளவு நேரமாகும்?

இதனோடு படம் எடுத்த நாள், நேரம், போனின் நிறுவனம், மாடல் ஆகியவையும் இருக்கும். சில கோப்புகளுக்குள் படத்தின் சின்ன முன்னோட்டப் பிரதி ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். சில பழைய மென்பொருள்கள் பெரிய படத்தைத்தான் திருத்தும், அந்தச் சின்னப் பிரதியைத் தொடாது. முகத்தில் கறுப்பு பூசிய படத்துக்குள் பூசாத முகம் சின்னதாக உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு.

"இதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு பழைய கதை. ஆன்டி வைரஸ் மென்பொருளுக்குத் தன் பெயரையே வைத்த கோடீசுவரர் ஜான் மெக்கஃபி. 2012 நவம்பரில் பெலீஸ் நாட்டில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கொல்லப்பட்டார். போலீஸ் விசாரணைக்குத் தேட, மெக்கஃபி தலைமறைவானார். டிசம்பர் 3 அன்று வைஸ் பத்திரிகை, தங்கள் செய்தியாளர் அவரோடு இருப்பதாகப் பெருமையடித்து ஒரு படத்தை வெளியிட்டது. ஐபோனில் எடுத்த அந்தப் படத்துக்குள் இடக்குறிப்பு அப்படியே இருந்தது. குவாத்தமாலாவின் ரியோ டுல்சே பகுதி என்பதை இணையத்தில் யாரோ ஒருவர் படித்துச் சொல்லிவிட்டார். மெக்கஃபி முதலில் அது தானே திட்டமிட்டுப் போட்ட பொய் எண் என்று சமாளித்தார், பிறகு குவாத்தமாலாவில் இருப்பதை ஒப்புக்கொண்டார். இரண்டே நாளில் கைதானார். பாதுகாப்பு மென்பொருள் விற்றுப் பணக்காரரான ஆளே இப்படி மாட்டினார். நமக்கென்ன விதிவிலக்கு?

"எங்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது?"

இந்தக் கேள்வியைக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்தரங்கம் என்பது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் கவலை, வீதியில் நிற்பவனுக்கு எதற்கு என்கிறார்கள். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். நம் ஊர்களில் ஊரும் சேரியும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன? நடுவில் ஒரு சாலை, ஒரு வாய்க்கால், ஐந்நூறு மீட்டர் வயல். ஐந்து மீட்டர் துல்லியத்தில் ஓர் இடத்தைச் சொன்னால், அந்த மண்ணில் சாதியைச் சொன்னதாகத்தான் அர்த்தம். பெயரை மறைத்தாலும், முகத்தை மறைத்தாலும், எந்தக் குடியிருப்பு என்று தெரிந்தால் எந்தச் சாதி என்று தெரியும். முப்பது வீடு இருக்கும் குடியிருப்பில் யார் வாய் திறந்தார்கள் என்பதும் சீக்கிரம் தெரிந்துவிடும். இந்த நாட்டில் அட்சரேகைக்கும் சாதி உண்டு.

சட்டத்துக்கு இது தெரிந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறையில் இருக்கும் 15அ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் நீதிமன்ற ஆவணங்களில் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சக்தி வாகினி வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், மிரட்டலுக்கு உள்ளாகும் தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்றது. இவ்வளவு போராடிப் பெற்ற பாதுகாப்பை ஒரு படத்தால் நாமே திறந்துவிடுகிறோம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது நிதி தருவோர் மீதும் அவர்கள் சொல்லுக்கு ஆடும் நம் நிறுவனங்கள் மீதும்தான். களப்பணி உண்மையிலேயே நடந்ததா என்று அவர்களுக்குச் சந்தேகம். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் "ஜியோடேக்" படம் கேட்கிறார்கள். இதற்கென்றே இருக்கும் செயலிகள் படத்தின் அடியிலேயே ஊர்ப்பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், சின்ன மேப் எல்லாவற்றையும் அச்சடித்துத் தருகின்றன. இது கோப்புக்குள் ஒளிந்திருக்கும் குறிப்புகூட இல்லை, படத்தின் மேலேயே ஒட்டிய சுவரொட்டி. எக்ஸிஃபை எவ்வளவு கழுவினாலும் இது போகாது. சாலை போட்டதற்கும் கழிப்பறை கட்டியதற்கும் இப்படிப் படம் கேட்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் வீட்டு வாசலில் ஆலோசகர் உட்கார்ந்திருக்கும் படத்துக்கு எதற்கு ஜியோடேக்? முகத்தை மட்டும் மங்கலாக்கி, அதே படத்தை ஆண்டறிக்கையில் அச்சடிக்கிறார்களே, யாருக்காக? அப்படிப்பட்ட பெண்ணை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் குற்றம். பெயரை எழுதினால்தான் அடையாளம் என்றில்லை. வீட்டு வாசலும் அடையாளம்தான். ஊழியர் வேலை செய்தாரா என்று சரிபார்க்க நூறு வழி இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் முகவரியைப் பில்லாகக் கேட்பதை நிறுத்துங்கள்.

எந்த வழியில் போனால் என்ன ஆகும்?

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருக்கப்படுகிறது, கூடவே எக்ஸிஃப் குறிப்பும் நீக்கப்படுகிறது. ஃபேஸ்புக், எக்ஸ் போன்றவையும் பொதுவில் தெரியும் பிரதியில் இடக்குறிப்பை வைப்பதில்லை. அந்த நிறுவனத்தின் கைக்கு என்ன போனது என்பது வேறு கணக்கு. ஆனால் அதே வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக, டெலிகிராமில் ஃபைலாக, மின்னஞ்சலில் இணைப்பாக, டிரைவ் லிங்காக அனுப்பும்போது கோப்பு உள்ளபடியே போகும். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சில செயலிகளுக்குக் கொடுக்கும்போது இடக்குறிப்பை மட்டும் மறைத்துத் தருவதுண்டு. அது போனுக்குப் போன், செயலிக்குச் செயலி மாறும். அதை நம்பி ஒருவரின் உயிரைப் பணயம் வைக்க முடியாது.

ஆகவே அனுப்புமுன் பார்க்க வேண்டும். பார்ப்பது கடினமில்லை. போனில் படத்தைத் திறந்து மேலே தள்ளினால், அல்லது "விவரங்கள்" என்பதை அழுத்தினால், நேரமும் மேப்பும் தெரியும். மேப் தெரிந்தால் அந்தப் படம் வெளியே போகக் கூடாது. கணினியில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கீழே முதல் வரி உள்ளே இருப்பதையெல்லாம் காட்டும். இரண்டாவது வரி, அசலைத் தொடாமல் குறிப்புகள் நீக்கிய புதிய பிரதியை உண்டாக்கும்.

```
exiftool -a -G1 -s asal.jpg
exiftool -all= -o pirathi.jpg asal.jpg
```

இரண்டு எச்சரிக்கை. "எந்தப் பக்கம் மேலே" என்ற குறிப்பும் சேர்ந்து போய்விடுவதால் சில படங்கள் சாய்ந்து கிடக்கும், திருப்பிச் சேமித்துக்கொள்ளுங்கள். `-o` போடாமல் நீக்கினால், `asal.jpg_original` என்ற பெயரில் எல்லாக் குறிப்புகளோடும் பழைய கோப்பைப் பக்கத்திலேயே வைத்துவிடும். ஃபோல்டரை மொத்தமாக அனுப்புகிறவர்கள் அதையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள்.

கணினி இல்லாதவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் போதும். படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது புதிய கோப்பு. பழைய படத்தின் இடக்குறிப்பு அதற்குள் வராது. தரம் குறையும், குறையட்டும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிவிட்டோம் என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கூகுள் பிக்ஸல் போன்களில் இருந்த திருத்தும் கருவி, வெட்டியெறிந்த பகுதியைப் பல ஆண்டுகளாகக் கோப்பின் வாலிலேயே விட்டுவைத்திருந்தது 2023இல்தான் வெளியே வந்தது. அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதான். மறைக்க வேண்டியதை முதலிலேயே படத்துக்குள் வராமல் எடுப்பதுதான் நல்லது.

அசலை அழிக்காதே

இதுவரை படித்துவிட்டு, "அப்படியானால் எல்லாப் படத்தையும் கழுவிவிடலாம், லொக்கேஷனை நிரந்தரமாக அணைத்துவிடலாம்" என்று யாராவது கிளம்பினால், அது இன்னொரு குழியில் விழுவது. ஏனென்றால் நம்மைக் காட்டிக்கொடுக்கும் அதே குறிப்புதான் நமக்குச் சாட்சியும் சொல்கிறது.

ஒரு திங்கட்கிழமை மாலை குடியிருப்பில் வீடுகளை அடித்து நொறுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பையன் போனில் படமெடுக்கிறான். புதன்கிழமை அதை வாட்ஸ்அப்பில் நமக்கு அனுப்புகிறான். போனில் இடமில்லை, அனுப்பியாயிற்றே என்று தன்னிடம் இருந்ததை அழித்துவிடுகிறான். நம் கையில் இருப்பது `IMG-20240313-WA0007.jpg` என்பதுபோல ஒரு கோப்பு. அந்தப் பெயரில் இருக்கும் தேதி புதன்கிழமையின் தேதி, அதாவது வாட்ஸ்அப்பில் வந்த நாள். உள்ளே நேரம் இல்லை, இடம் இல்லை, போன் மாடல் இல்லை. "இது அந்தச் சம்பவத்தின் படம்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது நாம் முழிப்போம்.

அசல் கோப்பு இருந்தால் கதை வேறு. அதில் போனின் கடிகாரம் எழுதிய நேரமும் இருக்கும், பெரும்பாலும் ஜிபிஎஸ் எழுதிய நேரமும் தனியாக இருக்கும். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவதால் நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மாலை 6.42க்கு எடுத்த படத்தில் ஜிபிஎஸ் நேரம் மதியம் 1.12 என்று இருந்தால் பதற வேண்டாம், இரண்டும் பொருந்துகின்றன. தேதியை மாற்றி எடுத்த படம் என்று குற்றம்சாட்டுபவருக்கு அதுதான் பதில். கோகுல்ராஜ் வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு எவ்வளவு முக்கியமான சான்றாக இருந்தது என்பது நமக்குத் தெரியும். மின்னணுப் பதிவு பேசும், அதைப் பேசவிடும்படி நாம் காப்பாற்றினால்.

எக்ஸிஃப் மட்டுமே போதாது என்பதும் உண்மை. அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால்தான் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்‌ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. எந்தக் கருவி, அதன் மாடல், ஐஎம்இஐ எண், கூடவே கோப்பின் ஹாஷ் எண். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் முழுதாக மாறிவிடும். படம் கிடைத்த அன்றே விண்டோஸ் கணினியில் இதை எடுத்து, தேதி போட்டு, வழக்கறிஞருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.

```
certutil -hashfile asal.jpg SHA256
```

அன்றிலிருந்து அந்தக் கோப்பைத் திறந்து திருத்திச் சேமிக்கக் கூடாது. சும்மா திருப்பிச் சேமித்தாலே கைரேகை மாறிவிடும்.

"டெலிட் பண்ணுடா"

களத்தில் இந்த அதட்டலைக் கேட்காத பிள்ளை இல்லை. போனைப் பிடுங்கி, கண்முன்னே அழிக்கவைத்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். அழுதுகொண்டு வருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: போனில் புதிதாக ஒரு படமும் எடுக்காதே, எதையும் தரவிறக்காதே, குப்பைத் தொட்டியைப் பார். கூகுள் ஃபோட்டோஸில் அழித்த படம், ஏற்கெனவே மேலே ஏறியிருந்தால் 60 நாள், ஏறாமல் இருந்தால் 30 நாள் அங்கே கிடக்கும். ஐபோனிலும் 30 நாள் இருக்கும். மீட்டால் அசல் அதன் குறிப்புகளோடு திரும்பிவரும். ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியிருந்தால் வாட்ஸ்அப்பின் "சென்ட்" ஃபோல்டரிலும் ஒரு பிரதி இருக்கலாம். அது குறிப்பில்லாத பிரதிதான், ஆனாலும் எதுவும் இல்லாததற்கு அது மேல்.

இதன் மறுபக்கம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அன்று குழுவில் போட்ட படத்தை "எல்லோருக்கும் நீக்கு" என்று நீக்கினேன். திரையிலிருந்து போயிற்று. ஆனால் அதற்குள் தரவிறக்கிச் சேமித்தவர் போனில், முன்னனுப்பியவர் கையில், யாரோ ஒருவரின் கிளவுட் சேமிப்பில் அது இருந்தால் என் பொத்தானுக்கு அங்கே அதிகாரம் இல்லை. அழிப்பது என்பது என்னிடம் இருப்பதை நான் அழிப்பது மட்டும்தான். அதனால்தான் வேறு வழியில்லாமல் ஆட்களையே மாற்றினோம். கசிந்த படத்தைத் திரும்ப எடுக்க முடியாது, கசிந்த முகவரியைக் காலி செய்யத்தான் முடியும். அந்த இரவில் இரண்டு பைகளோடு படியிறங்கிய அந்தப் பெண், "நாங்க என்ன தப்பு பண்ணோம் அக்கா?" என்று கேட்டாள். தப்பு பண்ணியது நான்.

அதன்பிறகு எங்கள் குழுவில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு உயிர். அசல் ஒன்று: எடுத்தவர் போனிலும் வழக்கறிஞரிடமும் மட்டும், தொடாமல், கழுவாமல், ஹாஷ் எண்ணோடு. பிரதி ஒன்று: குறிப்பு நீக்கி, மேப் இல்லை என்று இன்னொருவர் கண்ணால் பார்த்த பிறகே வெளியே. ஒளிந்திருப்பவர்கள் இருக்கும் இடத்தில் படம் எடுக்க வேண்டியிருந்தால், எடுக்கும் முன்பே கேமராவின் லொக்கேஷன் அணைக்கப்படும். வன்கொடுமை நடந்த இடத்தில் படம் எடுக்க வேண்டியிருந்தால் அது திறந்தே இருக்கும்.

இன்றைக்கு நாம் செய்துகொண்டிருப்பது இதற்கு நேர் தலைகீழ். ஒளித்துவைக்க வேண்டியவர்களின் படத்தை முகவரியோடு அனுப்புகிறோம். நீதிமன்றத்தில் பேச வேண்டிய படத்தை முகவரி இல்லாமல் ஆக்கிவிட்டு அசலை அழிக்கிறோம். இரண்டிலும் லாபம் அவர்களுக்கு. உங்கள் போனில் கடைசியாக நீங்கள் களத்தில் எடுத்த படத்தை இப்போதே திறந்து மேலே தள்ளிப் பாருங்கள் தோழர்களே. மேப் தெரிகிறதா? அது யாருடைய வீடு?